மேகத்தின் அடியில் ஒரு கோடு

ஜூன் மாதப் பிற்பகலில் சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் மேற்கே பார்த்தால் வெள்ளை வெளேரென்று திரள் மேகங்கள் நிற்பதைக் காணலாம். மேற்பகுதி குமிழ் குமிழாகப் புடைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு உருவம் எடுத்துக்கொண்டிருக்கும். ஒரு மேகத்தின் தலையைப் போல இன்னொன்றின் தலை இருக்காது. கீழ்ப்பகுதிக்கு வந்தால் கதை வேறு. நூல் பிடித்து வெட்டியதுபோல் அடி தட்டையாக இருக்கும். பக்கத்து மேகத்துக்கும் அதற்கு அடுத்ததற்கும், தொடுவானத்தருகே சின்னதாகத் தெரியும் மேகத்துக்கும்கூட அடி ஒரே மட்டத்தில்தான் இருக்கும்.

அந்த மட்டத்தில் மேகத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. காற்று அங்கே வந்து முட்டி நிற்பதுமில்லை. கீழிருந்து வருகிற காற்று அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டேயிருக்கிறது. தரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவந்த காற்று, தன்னிடமிருந்த ஈரத்தால் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிகிற உயரம் அது. அந்த உயரத்தைத் தரையில் நின்றபடியே இரண்டு எண்களை வைத்துக் கணக்கிட்டுவிடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே மேகம் உருவாகும் கதை முழுவதும் வந்துவிடும்.

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. அது தரையைச் சூடாக்குகிறது, தரை தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. எல்லாத் தரையும் ஒரேபோல் சூடாவதில்லை. தார்ச் சாலை, காய்ந்த ஏரிப்படுகை, உழுதுபோட்ட செம்மண் நிலம், கான்கிரீட் கூரைகள் நிறைந்த ஊர் எல்லாம் சீக்கிரம் கொதித்துப்போகும். நெல் வயலும் நீர் நிறைந்த ஏரியும் பின்தங்கும். சூடான இடத்துக் காற்று சுற்றியிருப்பதைவிட லேசாகி மேலே கிளம்புகிறது. சில நூறு மீட்டர் அகலத்தில், நொடிக்கு ஓரிரண்டு மீட்டர் வேகத்தில் ஏறும் இந்தக் காற்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பருந்துக்குத் தெரியும். பகல் பதினொரு மணிக்கு மேல் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தபடியே பருந்து உயரே போகிறதென்றால், அது இப்படி ஏறும் காற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

ஏறும் காற்றில் நீராவி கலந்திருக்கிறது. கடலிலிருந்தும் ஏரி குளங்களிலிருந்தும் மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் வந்து சேர்ந்த ஈரம் அது. ஈரம் சேர்ந்த காற்று கனமானது என்று நினைக்கத் தோன்றும். நிஜம் அதற்கு நேர்மாறு. நீர் மூலக்கூறின் எடை 18 என்றால், காற்றில் பெரும்பகுதியாக இருக்கும் நைட்ரஜனின் எடை 28, ஆக்சிஜனின் எடை 32. அதனால் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் லேசாகவே இருக்கும். ஈரம் காற்றைக் கீழே இழுப்பதில்லை, ஏறுவதற்கு ஒரு சிறிய கை கொடுக்கிறது.

ஏறுகிற காற்று குளிர்கிறது. மேலே குளிராக இருப்பதால் அங்கே போன காற்றும் குளிர்ந்துவிடுகிறது என்று பலரும் இதற்குக் காரணம் சொல்வார்கள். அது சரியல்ல. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நூற்றுக்கணக்கான மீட்டர் அகலமுள்ள ஒரு காற்றுத் திரள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஏறும்போது, பக்கத்துக் காற்றோடு வெப்பத்தைக் கொடுத்து வாங்க அதற்கு நேரமே இல்லை. அது குளிர்வதற்குக் காரணம் விரிவடைவது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறையக் குறைய ஏறும் காற்று சுற்றியுள்ளதைத் தள்ளிக்கொண்டு விரிகிறது. தள்ளுவதற்கான சக்தி அதனிடமுள்ள வெப்பத்திலிருந்துதான் செலவாகிறது. சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றை வெளியே விட்டால் விரலில் சில்லென்று படுமே, அதே செலவுதான்.

இந்தச் செலவு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. துளி உருவாகாத வரைக்கும் ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9.8 டிகிரி செல்சியஸ் குளிரும். சென்னையானாலும் லண்டனானாலும் இதே அளவு. புவியீர்ப்பும் காற்றின் வெப்பக் கொள்திறனும் சேர்ந்து தீர்மானிக்கும் எண் இது. வானிலைக் கணக்குகளில் இவ்வளவு கறாரான எண் அபூர்வம்.

இனி ஈரத்தின் பக்கம் வருவோம். ஒரு கனமீட்டர் இடத்தில் எவ்வளவு நீராவி நிலைத்திருக்க முடியும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. 30 டிகிரியில் சுமார் 30 கிராம், 20 டிகிரியில் சுமார் 17, 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். பத்து டிகிரி குறைந்தால் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. காற்று ஒரு கொள்கலன் போல ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதாகவும், குளிர்ந்தால் அதன் கொள்ளளவு சுருங்குவதாகவும் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதுண்டு. உண்மையில் காற்றுக்கு இதில் பெரிய வேலையில்லை. நீரின் பரப்பிலிருந்து மூலக்கூறுகள் பறந்துபோய்க்கொண்டும், ஆவியிலிருந்து திரும்பி வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. வெப்பம் குறையும்போது பறந்துபோவது குறைகிறது. ஒரு கட்டத்தில் போவதும் வருவதும் சமமாகும். அதற்கும் கீழே வெப்பநிலை இறங்கினால் வருவது மிஞ்சி, நீர் சேர ஆரம்பிக்கும். அந்தச் சமநிலை வரும் வெப்பநிலைக்குத்தான் பனிப்புள்ளி என்று பெயர். மார்கழி விடியலில் புல்லில் பனி பூத்திருந்தால், இரவில் எப்போதோ புல்லின் வெப்பநிலை பனிப்புள்ளிக்குக் கீழே போயிருக்கிறது.

மேகத்தின் கணக்குக்குத் தேவையான இரண்டு எண்கள் இவைதாம்: தரையில் காற்றின் வெப்பநிலை, அதே காற்றின் பனிப்புள்ளி. வானிலை நிலையங்கள் இரண்டையும் அளக்கின்றன. விமானிகளுக்காக ஒவ்வொரு விமான நிலையமும் வெளியிடும் சுருக்கமான வானிலை அறிக்கையில் `34/25` என்பதுபோல ஒரு பகுதி இருக்கும். வெப்பநிலை 34 டிகிரி, பனிப்புள்ளி 25 டிகிரி என்று அதற்குப் பொருள். மீனம்பாக்கத்தின் குறியீடு `VOMM`. அந்த நான்கெழுத்தைத் தேடினால் சென்னையின் அறிக்கையை யாரும் பார்க்கலாம்.

34/25 என்பதையே எடுத்துக்கொள்வோம். காற்று ஏறத் தொடங்குகிறது, கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிர்கிறது. இதற்கிடையில் பனிப்புள்ளியும் கொஞ்சம் இறங்குகிறது. காற்று விரியும்போது அதிலுள்ள நீராவியும் கூடவே விரிந்து அடர்த்தி குறைவதால், அது துளியாவதற்கு இன்னும் சற்று அதிகம் குளிர வேண்டியிருக்கிறது. பனிப்புள்ளியின் இந்த இறக்கம் கிலோமீட்டருக்குச் சுமார் 1.8 டிகிரி. ஒன்று வேகமாக இறங்க, மற்றொன்று மெதுவாக இறங்குகிறது. இடைவெளி கிலோமீட்டருக்கு 8 டிகிரி வீதம் சுருங்குகிறது. அதாவது ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 125 மீட்டர் ஏற வேண்டும். நம் எடுத்துக்காட்டில் வித்தியாசம் 9 டிகிரி. 9 ஐ 125 ஆல் பெருக்கினால் 1125 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் வெப்பநிலை 34 இலிருந்து 11 குறைந்து 23 ஆகியிருக்கும், பனிப்புள்ளி 25 இலிருந்து 2 குறைந்து அதுவும் 23 ஆகியிருக்கும். இரண்டும் சந்தித்துவிட்டன. மேகத்தின் அடி அங்கே.

இந்த விதியைப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் பொல்லார்ட் எஸ்பி என்ற அமெரிக்கர். மேலேறும் ஈரக்காற்று விரிந்து குளிர்ந்து மேகமாகிறது, அப்போது வெளிப்படும் வெப்பமே புயல்களுக்கு உந்துசக்தி என்று வாதாடியவர் அவர்; 1841 இல் புயல்களைப் பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். புயல் மன்னன் என்று அவருக்குப் பட்டப்பெயர். காடுகளுக்குத் தீ வைத்துச் செயற்கையாக மழை வரவழைக்கலாம் என்ற அவருடைய யோசனை எடுபடவில்லை. ஆனால் பனிப்புள்ளியிலிருந்து மேகத்தின் அடியைக் கணக்கிடும் முறை இன்றும் அப்படியே நிற்கிறது.

சந்திப்பு நடந்தவுடன் துளி எப்படி வருகிறது? நீராவி மூலக்கூறுகள் தாமாக ஒன்றையொன்று தேடிப்பிடித்துத் துளியாவது மிகக் கடினம். மிகச் சிறிய துளியின் வளைந்த பரப்பிலிருந்து மூலக்கூறுகள் சுலபமாகத் தப்பிப் போய்விடும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் 1880 வாக்கில் இதைச் சோதனையில் காட்டினார். பஞ்சு வழியாக வடிகட்டித் தூசியே இல்லாமல் செய்த காற்றில் நீராவியை விட்டால் மூடுபனி வரவில்லை. சாதாரணக் காற்றில் விட்டால் உடனே வெண்மையாக மூடிக்கொண்டது. துளி உட்கார ஒரு துகள் வேண்டும். கடலலை தெறிப்பதில் மிதந்துவரும் உப்பு, புகை, வாகனங்களும் ஆலைகளும் வெளிவிடும் கந்தகச் சேர்மங்கள் எல்லாம் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கனசென்டிமீட்டர் காற்றிலேயே இத்தகைய துகள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதிலும் உப்பு போன்றவை ஈரத்தைத் தாமே இழுத்துக்கொள்பவை.

துகள்கள் தாராளமாகக் கிடைப்பதற்கும் அடி தட்டையாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு. துகள் இல்லாவிட்டால் காற்று பனிப்புள்ளியைத் தாண்டி வெகுதூரம் குளிர்ந்தும் துளி வராமல் தவிக்கும். ஒரு மேகம் இங்கே, இன்னொன்று எங்கோ மேலே என்று தொடங்கியிருக்கும். நம் வானத்தில் அதற்கு இடமில்லை. திரள் மேகத்தின் அடியில் நீராவி பூரித நிலையை மீறுவது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். வெப்பநிலையும் பனிப்புள்ளியும் சந்திக்கிற இடத்துக்குச் சற்று மேலேயே துளிகள் பிறந்துவிடும்.

பிறந்த துளிகள் எவ்வளவு சீக்கிரம் கண்ணை மறைக்கின்றன என்பது இன்னொரு விஷயம். மேற்சொன்ன எடுத்துக்காட்டையே தொடர்வோம். அடியிலிருந்து நூறு மீட்டர் ஏறும்போது ஒரு கனமீட்டரில் சுமார் 0.2 கிராம் நீர் துளியாகியிருக்கும். ஒரு சிட்டிகை அளவுகூட இல்லை. ஆனால் அந்த நீர் கனசென்டிமீட்டருக்கு ஐந்நூறு துளிகளாகப் பிரிந்து நிற்கிறதென்று வைத்தால், ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு குறுக்களவு. அத்தனை துளிகளும் ஒளியைச் சிதறடித்தால் உள்ளே இருப்பவருக்கு அறுபது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இருபது மீட்டர் ஏறியபோதே பார்வை இருநூறு மீட்டருக்குள் சுருங்கியிருக்கும். விமானம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் இதைக் காணலாம்: வெண்மை தவிர வேறெதுவும் இல்லாத நிலையிலிருந்து, வயலும் வீடும் தெளிவாகத் தெரியும் நிலைக்கு வர ஓரிரு விநாடிகளே ஆகின்றன. ஒரு கிலோமீட்டர் உயர மேகத்துக்கு இருபது முப்பது மீட்டர் கனமுள்ள எல்லை இருந்தால், தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு அது கோடாகத்தான் தெரியும்.

துளிகள் கீழே விழுந்து அந்தக் கோட்டைக் கலைத்துவிடாதா என்று கேட்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள நடுத்தர மேகத்தில், கனமீட்டருக்கு அரை கிராம் என்று வைத்தாலும் 500 டன் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் அது கோடிக்கணக்கான கோடித் துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் விழும். அடியில் ஏறிவரும் காற்றின் வேகமோ நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். ஏறும் காற்று பலவீனமான ஓரத்தில் ஒரு துளி தப்பிக் கீழே வந்தாலும் பூரிதமடையாத காற்றில் சில சென்டிமீட்டர் விழுவதற்குள் ஆவியாகிவிடும். கோடு தன்னைத்தானே சுத்தமாக வைத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னது ஒரு மேகத்தின் அடி ஏன் கூர்மையான எல்லையாக இருக்கிறது என்பதற்கு. இருபது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மேகத்துக்கும் அடி அதே மட்டத்தில் இருப்பது ஏன்? சூடான தரைகளிலிருந்து ஏறும் காற்று மேலே போனால், அதற்கு ஈடாக இடையிடையே காற்று கீழே இறங்கியாக வேண்டும். காலையிலிருந்து இப்படி ஏறியும் இறங்கியும் தரைக்கும் மேக அடிக்கும் இடைப்பட்ட காற்று முழுவதும் கலந்துவிடுகிறது. ஏரிக்கு மேல் சேர்ந்த ஈரமும் பொட்டல் காட்டின் வெப்பமும் தனித்தனியே நிற்பதில்லை, பங்கிடப்பட்டுவிடுகின்றன. ஒரு மாவட்ட அகலத்துக்கு வெப்பநிலை, ஈரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். கிளம்பும் காற்று எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் அதே 1125 மீட்டரில்தான் பனிப்புள்ளியைச் சந்திக்கும்.

முழுதும் ஒன்றாக இருப்பதில்லை, கிட்டத்தட்டத்தான். வித்தியாசம் ஒரு டிகிரி கூடினாலோ குறைந்தாலோ அடி 125 மீட்டர் ஏறும் அல்லது இறங்கும். ஆனால் இருபது கிலோமீட்டர் தொலைவில் 125 மீட்டர் என்பது நிலாவின் அகலத்தைவிடச் சிறிய கோணம். கண் அதைப் பொருட்படுத்தாது. அத்தோடு தூரத்து மேகத்தின் அடியை நாம் விளிம்பு வழியாகப் பார்க்கிறோம். அடியில் மேடு பள்ளம் இருந்தாலும் ஒன்றை ஒன்று மறைத்து ஒற்றைக் கோடாகிவிடும். நேர் தலைக்கு மேலே வந்த மேகத்தை அண்ணாந்து பார்த்தால் அதே அடி அங்கங்கே கருத்தும் வெளுத்தும் குழிந்தும் இருப்பது தெரியும். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை ஓட்டுகிறவர்கள், அடி கருத்து உள்வாங்கிக் குழிந்திருக்கும் இடத்தைத் தேடிப் போவார்கள்; ஏறும் காற்று வலுவாக இருப்பது அங்கேதான்.

அடிக்கு மேலே கதை தலைகீழாக மாறுகிறது. நீராவி துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு கிராமுக்குச் சுமார் 2500 ஜூல். ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலை வரைக்கும் சூடாக்குவதற்கு ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கும் மேல் இது. இந்த வரவு வந்ததும் ஏறும் காற்று குளிர்வது பாதிக்கும் கீழே இறங்கி, நம் ஊர் வெப்பத்தில் கிலோமீட்டருக்கு நான்கு டிகிரியளவே ஆகிறது. சுற்றியுள்ள காற்றைவிட மேகக் காற்று வெதுவெதுப்பாக இருந்து, மேலும் மேலும் ஏறுகிறது. ஒவ்வொரு காற்றுத் திரளும் தனக்குக் கிடைத்த வலுவுக்குத் தக்கபடி உயரம் போகும். வழியில் பக்கவாட்டிலிருந்து உலர்ந்த காற்று உள்ளே நுழைந்து சில துளிகளை ஆவியாக்கி, அந்த இடத்தைக் குளிரவைத்துக் கீழே தள்ளும். ஒரு குமிழ் புடைக்கும், அதன் பக்கத்திலேயே ஒன்று அமுங்கும். தொடங்கும் உயரத்தை எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி தீர்மானித்தது. எங்கே முடிவது என்பதை ஒவ்வொரு திரளும் தன் போராட்டத்தில் கண்டுகொள்கிறது. தலை கலைந்தும் அடி நேராகவும் இருப்பது அதனால்தான்.

இந்தக் கோட்டின் உயரத்தை அளந்துபார்க்கத் தமிழ்நாட்டில் நல்ல அளவுகோல்கள் உண்டு, மலைகள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். மழையில்லாத ஒரு ஜூலைப் பிற்பகலில் சேலத்தில் 33/21 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12, மேகத்தின் அடி தரையிலிருந்து 1500 மீட்டர், சேலத்தின் உயரத்தையும் சேர்த்தால் 1780. ஏற்காட்டு ஏரிக்கரையில் நிற்பவருக்கு மேகம் தலைக்கு மேலே இருக்கும், ஊர் தெளிவாக இருக்கும். அக்டோபரில் ஈரம் கூடி வெப்பம் குறைந்து சேலத்தில் 29/23 ஆகிறது. வித்தியாசம் 6 தான். அடி 750 மீட்டரில். கடல் மட்டக் கணக்கில் 1030. ஏற்காடு இப்போது மேகத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே இருப்பவர்கள் மூடுபனி என்கிறார்கள். கீழே சேலத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சேர்வராயன் மலை முழுதும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டு, அதற்குமேல் மேகத்துக்குள் மறைந்திருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பேருந்து எந்த வளைவில் பனிக்குள் நுழைகிறது என்பதைக் கவனித்தால் அன்றைய கோட்டின் உயரம் கையோடு கிடைத்துவிடும்.

ஒரே நாளிலும் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு வித்தியாசம் மூன்று நான்கு டிகிரி என்றால் முதல் மேகத் துணுக்குகள் 400, 500 மீட்டரில் எட்டிப் பார்க்கும். வெயில் ஏற ஏற வெப்பநிலை கூடும். மேலிருந்து உலர்ந்த காற்று இறங்கிக் கலப்பதால் பனிப்புள்ளி கொஞ்சம் இறங்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்து அடியை மெல்ல உயர்த்தி, பிற்பகலில் அன்றைய உச்சத்துக்குக் கொண்டுபோகும்.

கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. சென்னையில் கடற்காற்று உள்ளே வந்த பிறகு மீனம்பாக்கத்தில் 32/27 என்று காட்டலாம். வித்தியாசம் 5, அடி 625 மீட்டர் என்று எதிர்பார்ப்போம். வானத்தைப் பார்த்தால் நகரத்துக்கு மேலே மேகமே இல்லாமல் இருக்கும். கடற்காற்று சில நூறு மீட்டர் கனமுள்ள குளிர்ந்த விரிப்பாக உள்ளே வருகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று மூடிபோட்டு நிற்பதால், கீழேயுள்ள காற்று ஏறி 625 மீட்டரைத் தொடவே முடிவதில்லை. கடற்காற்றின் முன்விளிம்பு உள்நாட்டுக் காற்றோடு மோதுகிற திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் காற்று மேலே தள்ளப்பட்டு மேகங்கள் வரிசைகட்டும். கோடைக்கால மாலையில் மேற்குப் புறநகரில் இடி இடித்து மழை கொட்டும்போது மெரினாவில் வானம் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த வரிசையிலேயே, ஈரமான கடற்காற்றால் ஆன பகுதிக்கு அடி சற்றுத் தாழ்ந்தும் உள்நாட்டுக் காற்றால் ஆன பகுதிக்கு உயர்ந்தும் இருக்கும். அடியில் ஒரு படி போலத் தெரிந்தால், இரண்டு வகைக் காற்று அங்கே சந்தித்திருக்கிறது.

தரைக் காற்று ஏறி உண்டான மேகங்களுக்குத்தான் 125 மீட்டர் விதி. உயரே மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கும் கீற்று மேகங்கள் பனித்துகள்களால் ஆனவை. அவை எங்கோ தொலைவில் மேலெழுந்த காற்றிலிருந்து வந்தவை. தரையில் நாம் அளக்கும் வெப்பநிலைக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பில்லை. புயல் நெருங்கும்போது வானம் முழுக்க மூடும் அடுக்கு மேகங்களுக்கும் அப்படியே.

மழை பெய்யத் தொடங்கினால் கோடு போய்விடும். மழைத்துளி பெரியது, கீழே விழும்போது அதில் ஒரு பகுதி ஆவியாகி, மேகத்துக்கும் தரைக்கும் நடுவிலுள்ள காற்றைக் குளிரவைத்து ஈரமாக்குகிறது. வெப்பநிலை இறங்கிப் பனிப்புள்ளி ஏறினால் இடைவெளி சுருங்கும். அந்தக் காற்று சிறிது மேலே தூக்கப்பட்டாலே துளியாகிவிடும். பழைய அடிக்கு வெகுகீழே, கிழிந்த துணித்துண்டுகள் போலக் கருமேகச் சிதறல்கள் ஓடுவது இப்படித்தான் உண்டாகிறது. மேகம் இறங்கிவிட்டது என்று சொல்வோம். பழைய மேகம் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதன் கீழே, மழை ஈரமாக்கிய காற்றில், இன்னும் தாழ்வான மட்டத்தில் புதிய மேகம் பிறந்திருக்கிறது. அந்தக் காற்று சீராகக் கலந்திராததால் ஒவ்வொரு சிதறலுக்கும் அடி ஒவ்வொரு உயரத்தில் இருக்கும்.